கிளித்தட்டை எப்படி எழுதித் தேடுவீர்கள்?

நாங்கள் ஐந்து பேர். நாலு பேர் கலைப்பீடம், ஒருத்தர் மட்டும் கணினி படிக்கிறவர். ஒரு வருசமாக, பரீட்சைகளுக்கு இடையில கிடைக்கிற நேரத்தில, ஒரு ஆண்ட்ராய்டு கேம் செய்துகொண்டிருக்கிறோம். ஊரில கோடு கீறி விளையாடுற அதே கிளித்தட்டுத்தான். கோட்டில நிற்கிறவர்களிடம் அடி வாங்காமல் ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் போய்த் திரும்பி வரவேணும். நடுக்கோட்டில ஓடித் திரியிற கிளியின்ர கையில அகப்படவும் கூடாது. படம், சத்தம், ஆட்டம் எல்லாம் ஒருமாதிரி முடிந்துவிட்டது. பேரில மட்டும் மூன்று கிழமையாகச் சண்டை பிடித்தோம்.

ஒரு பக்கம் சொன்னது: “Parrot Run” என்று வையுங்கோ, உலகம் முழுக்க விளங்கும். மற்றப் பக்கம் சொன்னது: கிளித்தட்டுக்குக் கிளித்தட்டு என்றுதான் பேர். இந்தச் சண்டையை நாங்கள் முதலில அடையாளப் பிரச்சினையாகத்தான் கதைத்தோம். ஆனால் பிளே ஸ்ரோரில தேடல் எப்படி வேலை செய்யுது என்று பார்க்கப் பார்க்க, அடையாளம் பேசின பக்கமே வியாபாரக் கணக்கிலயும் வெல்லுது என்று விளங்கிச்சுது. அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறோம். கேம் செய்கிற பெடியள், பெட்டையள் இப்ப கனபேர் இருக்கிறீங்கள், உங்களுக்கும் உதவும்.

“Parrot” என்ற சொல்லோடு தொடங்குவோம். அந்தச் சொல்லைப் பிளே ஸ்ரோரில ரைப் பண்ணுறவர் யார்? நாங்கள் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லுற பேசும் கிளியைத் தேடுற சின்னப் பிள்ளை, அல்லது அந்தப் பிள்ளையின்ர அம்மா. வீட்டில கிளி வளர்க்கிறவராகவும் இருக்கலாம். அவருக்கு முன்னால ஏற்கெனவே வரிசையாகப் பேசும் கிளிகள் நிற்குது, ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில இறக்கப்பட்டவை. எங்கட கேம் அந்த வரிசையில எங்கே நிற்கும்? அடியில, யாரும் விரலால தள்ளிப் போகாத இடத்தில. தப்பித் தவறி ஒருத்தர் அங்கே வந்து எங்கட கேமை இறக்கினாலும், கிளி கதைக்காது. கிளி என்று ஒரு மனிசன்தான் கோட்டில ஓடுவான். அவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

அந்த ஒரு நட்சத்திரம் சின்ன விசயம் இல்லை. பெரிய கேமுக்கு ஆயிரம் பேரில ஒருத்தர் கோபித்தால் ஒன்றும் நடக்காது. எங்களுக்கு முதல் மாசத்தில பன்னிரண்டு ரேற்றிங் விழுந்தால் பெரிய காரியம். அதில எட்டுப் பேர் ஐந்து போட்டு, பிழையாக வந்த நாலு பேர் ஒன்று போட்டால் சராசரி 3.7 கூட வராது. அதோட 2021 இன் கடைசியில இருந்து கூகிள் ரேற்றிங்கை நாட்டுக்கு நாடு பிரித்துத்தான் காட்டுது. இலங்கையில இருந்து பார்க்கிறவருக்கு இலங்கைக்காரர் போட்ட நட்சத்திரம்தான் தெரியும். ஏற்கெனவே கொஞ்சமான எண்ணிக்கை, நாடு பிரித்தால் இன்னும் கொஞ்சம். பிழையான ஆக்கள் நாலு பேர் ஒரு நாட்டில சேர்ந்தால் அந்த நாட்டில எங்கட கேமின்ர முகம் அதுதான்.

பேர் பிழையான ஆக்களைக் கூட்டிவருகிறதுக்கு எல்லாரும் அறிந்த உதாரணம் வேர்டில். ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கிற அந்தக் கேம் 2022 தொடக்கத்தில உலகம் முழுக்கப் பரவினபோது அது ஒரு இணையப் பக்கமாக மட்டும்தான் இருந்தது, அப் கிடையாது. ஆனால் அப் ஸ்ரோரில “Wordle!” என்ற பேரில வேற ஒரு இளைஞர் பல வருசத்துக்கு முதல் போட்டுவிட்டு மறந்துபோன இன்னொரு சொல் விளையாட்டு இருந்தது. சனம் திடீரென்று அதைப் போய் இறக்கத் தொடங்கிச்சுது. அவருக்கே முதலில காரணம் விளங்கேல்லை. வந்தவர்கள் தேடினது அவருடைய கேமை இல்லை. அவர் நல்ல மனிசன், கிடைத்த காசை நல்ல காரியத்துக்குக் குடுத்துவிட்டார். சிலர் இந்தக் கதையைக் கேட்டு “பார்த்தீங்களா, பிரபலமான சொல்லை வைத்தால் கூட்டம் வரும்” என்கினம். நாங்கள் கேட்கிறது ஒன்றுதான்: அந்தக் கூட்டத்தில எத்தனை பேர் அடுத்த கிழமையும் அவருடைய கேமை விளையாடியிருப்பினம்?

ஆகவே Parrot Run தோற்றுப்போச்சுது. கிளித்தட்டு என்று முடிவெடுத்த பிறகுதான் உண்மையான தலையிடி தொடங்கினது. எந்த எழுத்தில எழுதுறது?

எங்கட தலைமுறை தமிழில கதைத்து ஆங்கில எழுத்தில ரைப் பண்ணுற தலைமுறை. கிளித்தட்டு என்ற சொல்லை `Kilithattu` என்று எழுதலாம், `Kilithaddu` என்று எழுதலாம், `Kiliththaddu`, `Kili thattu`, `Kiliththattu` என்றும் எழுதலாம். இதில “ட்ட” தான் பெரிய வில்லங்கம். இலங்கையில வட்டுக்கோட்டையை `Vaddukoddai` என்று எழுதுறம். கடலுக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டையை `Pudukkottai` என்று எழுதுகினம். கோட்டை ஒன்றுதான், எழுத்துத்தான் வேற. எங்கட ஆக்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகேக்க dd ஐயும் பெட்டிக்குள்ள வைத்துக்கொண்டு போனவை. எங்கட கேமை விளையாடக்கூடியவர்கள் என்று நாங்கள் நினைக்கிறவர்களில பாதிப் பேர் அவையும் அவையின்ர பிள்ளைகளும்தான்.

மனிசருக்கு இரண்டும் ஒன்று. தேடல் பெட்டிக்கு அப்படி இல்லை. பிரபலமான சொல்லுக்கு எழுத்துப் பிழை விட்டால் கூகிள் தானே திருத்திக்கொள்ளும். கிளித்தட்டு மாதிரி அருமையாகத் தேடப்படுகிற சொல்லுக்கு அந்தத் திருத்தம் நடக்கும் என்று நம்ப ஏலாது. சில வேளை இன்னும் மோசமாக, உங்கட சொல்லையே பிழை என்று நினைத்துத் தனக்குத் தெரிந்த வேற சொல்லுக்கு மாற்றிவிட்டு அதன் முடிவுகளைக் காட்டும். முடிவுகளுக்கு மேலே எந்தச் சொல்லுக்குத் தேடினது என்று எழுதியிருக்கா என்று பாருங்கோ, தெரிந்துவிடும்.

எந்த எழுத்து என்று நாங்கள் எங்களுக்குள்ள வாக்கெடுக்கேல்லை. வாக்கெடுத்திருந்தால் dd தான் வென்றிருக்கும், ஏனென்றால் dd எங்கட எழுத்து என்ற ரோசம் எங்களுக்குள்ள கொஞ்சம் கூட. அதுக்குப் பதிலாக ஒரு சோதனை வைத்தோம். 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கில இருந்து கேமை வெளியிடுறதென்றால், முதலில குறைந்தது பன்னிரண்டு பேர் பதினாலு நாள் விடாமல் மூடிய சோதனையில இருக்கவேணும் என்பது கூகிளின்ர விதி. அந்தப் பன்னிரண்டு பேரை எப்படியும் பிடிக்கத்தானே வேணும்? பிடித்த கையோட, கேமை அனுப்ப முதல், ஒவ்வொருத்தருக்கும் வட்ஸ்அப்பில ஒரு குரல் செய்தி போட்டோம். “நாங்கள் கிளித்தட்டு என்று ஒரு கேம் செய்திருக்கிறம். பிளே ஸ்ரோரில தேட என்ன ரைப் பண்ணுவீங்களோ அதை அப்படியே ரைப் பண்ணி எங்களுக்கு அனுப்புங்கோ.” எழுத்தில அனுப்பக் கூடாது, எழுத்தில அனுப்பினால் எங்கட எழுத்தையே பார்த்து எழுதிவிடுவினம். குரலில போனால்தான் அவையின்ர கை என்ன எழுதும் என்று தெரியும்.

வந்த பதில்களைப் பார்க்க எங்கட ரோசம் கொஞ்சம் இறங்கிச்சுது. எங்கட வயசுக்காரர் கூடுதலாக `kilithattu` என்றுதான் அனுப்பினவை. சினிமாப் பாட்டின்ர பேரும் யூரியூப் தலைப்பும் பார்த்து வளர்ந்த கை, tt க்குப் பழகிவிட்டுது. dd வந்தது மாமாக்கள், சித்திகளிடம் இருந்து. ஒரு அக்கா தமிழ் எழுத்திலயே அனுப்பினா. இன்னொருத்தர் ஆங்கிலத்தில `thachi` என்று அனுப்பினார். ஏனென்று கேட்டால், “நீங்கள் கிளித்தட்டு என்கிறது தாச்சியைத்தானே?” என்கிறார்.

தாச்சி. எங்கட ஐந்து பேரிலயே இரண்டு பேர் வீட்டில தாச்சி என்றுதான் சொல்வினம். ஆனால் அதைத் தலைப்பில வைக்க ஏலாது. தாச்சி என்றால் பொரிக்கிற சட்டியும்தான். தனியாக அந்தச் சொல்லைப் போட்டால் சமையல்காரர் வருவினம். (ஆட்டத்தில ஓடுறவர்களுக்குச் சொல்லுற காய், பழம் என்ற சொற்களையும் கேமில வைத்திருக்கிறம். அவற்றைத் தேடற்சொல் என்று நம்பினால் மரக்கறிக்கடைதான்.) கிளித்தட்டுக்குப் பக்கத்தில நின்றால்தான் தாச்சி எங்கட தாச்சி ஆகும்.

இதெல்லாம் எங்கே வைக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஐபோன் பக்கம் தேடற்சொற்களை எழுத 100 எழுத்துக்கு ஒரு தனிப் பெட்டி உண்டு, அது பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனால் வருசத்துக்கு 99 டொலர் கட்டவேணும். கூகிளுக்கு ஒருமுறை 25 டொலர், அதோட முடிந்தது. எங்கட முடிவு எது என்று சொல்லத் தேவையில்லை. கூகிளில மறைவான பெட்டி ஒன்றும் இல்லை. தலைப்பு, குறுவிவரம், முழுவிவரம் என்று எல்லாருக்கும் தெரியிற மூன்று இடத்தில இருக்கிற சொற்களைத்தான் தேடல் படிக்குது. தலைப்புக்கு 30 எழுத்து, குறுவிவரத்துக்கு 80, முழுவிவரத்துக்கு 4000. தலைப்பில உள்ள சொல்லுக்குத்தான் பாரம் கூட.

முப்பது எழுத்து என்றதும் தமிழில தாராளம் என்று நினைத்துவிடாதீங்கோ. கிளித்தட்டு எங்கட கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி விசிறியையும் குற்றையும் தனித்தனியாக எண்ணும், அதுக்கு அது பதினொன்று. ஆங்கில எழுத்தில பத்து. இரண்டையும் நடுவில ஒரு கோட்டோட போட்டால் 24. எங்கட தலைப்பும் குறுவிவரமும் இப்ப இதுதான்:

```
Kilithattu - கிளித்தட்டு
தாச்சி, the traditional Tamil tag game. Cross the lines, dodge the kili.
```

குறுவிவரம் 72 எழுத்து. இதில `traditional`, `Tamil`, `game` என்ற மூன்று சொல்லும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்காக வைத்தது. கேமின்ர பேரே தெரியாமல், ஆனால் இப்படி ஒன்று இருக்குமா என்று தேடுறவர். அவர் `tamil traditional games` என்று தேடுவார் என்பது எங்கட கணிப்பு. பெட்டியில `tamil` என்று எழுதிவிட்டு இடைவெளி விட்டால் கூகிளே கீழே சில முடிவுகளை எடுத்துக் குடுக்கும். அந்தப் பட்டியல் நாங்கள் கற்பனை செய்தது இல்லை, மற்றவர்கள் உண்மையாகத் தேடினதில இருந்து வாறது. அதனால எங்கட கணிப்பைவிட அதுக்கு மதிப்பு கூட.

இந்தப் பார்வையிடலை உங்கட சொந்தக் கணக்கில செய்யாதீங்கோ. நீங்கள் ஒரு மாசமாகக் கிளித்தட்டு என்று தேடிக்கொண்டிருந்தால் கூகிள் உங்களுக்காக முடிவை மாற்றிவைக்கும். கணினியில மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, நாட்டையும் மொழியையும் முகவரியிலயே எழுதிப் பார்க்கலாம்:

```
https://play.google.com/store/search?q=kilithattu&c=apps&hl=en&gl=LK
```

கடைசியில உள்ள `LK` யை `CA` என்று மாற்றினால் கனடாவில இருக்கிற மாமிக்குத் தெரியிறது ஓரளவுக்குத் தெரியும். `hl=ta` என்று மாற்றினால் தமிழில போன் வைத்திருக்கிறவருக்குத் தெரியிறது.

அந்த கடைசி மாற்றம்தான் எங்களை ஒரு முக்கியமான இடத்துக்குக் கொண்டுபோனது. பிளே ஸ்ரோரில தமிழுக்கென்று தனிப் பக்கம் வைக்கலாம். ஆங்கிலப் பக்கத்தை முழுக்க ஆங்கிலத்தில எழுதிவிட்டு, தமிழ்ப் பக்கத்தில அழகான தமிழில கிளித்தட்டு என்று எழுதினால் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பினம். ஆனால் யாருக்கு எந்தப் பக்கம் காட்டுறது என்பதை அவருடைய போன் மொழிதான் தீர்மானிக்குது. எங்கட விடுதியில ஒரு தளம் முழுக்கப் போய்ப் போனைக் காட்டச் சொல்லிப் பாருங்கோ. தமிழில கவிதை எழுதுறவரும் போனை ஆங்கிலத்திலதான் வைத்திருப்பார். “அமைப்புகள்” என்று கண்டால் எங்கே போறது என்று தெரியாது, “செற்றிங்ஸ்” என்றால் தெரியும். தமிழ்ப் பக்கத்தை நாங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் எங்கட சனம் அதைக் காணாது. அதனாலதான் ஆங்கிலப் பக்கத்தின்ர தலைப்பிலயே தமிழ் எழுத்தை வைத்தோம். ஒரு அக்கா தமிழ் எழுத்தில தேடினா என்று சொன்னோமே, அவவின்ர போனும் ஆங்கிலத்திலதான்.

மிச்சமிருக்கிற dd க்கு என்ன செய்தோம்? முழுவிவரத்தின்ர முதல் பந்தியில, வாசிக்கக்கூடிய ஒரு வசனத்துக்குள்ள வைத்தோம்: இந்த ஆட்டத்தைச் சிலர் `Kilithaddu` என்று எழுதுவினம், சிலர் தாச்சி என்பினம், கோடு ஒன்றுதான். இப்படி வசனமாக எழுதுறதுக்குக் காரணம் இருக்குது. ஏழு எழுத்துக்கூட்டலையும் காற்புள்ளி போட்டு அடியில அடுக்கிவிட்டால் லேசு என்று எங்களில ஒருத்தர் சொன்னார். விவரத்துக்குள்ள சொற்குவியல் வைக்கிறது கூகிளின்ர விதிக்கு மாறு, கேமைத் தூக்கிவிடலாம். தலைப்பில “free”, “best”, “#1” மாதிரிச் சொற்களுக்கும் இடமில்லை. அதெல்லாம் ஒருபக்கம் இருக்க, பேரைத் தெரியாமல் வந்தவர் விவரத்தை வாசிக்கிறார் என்று நினைத்துப் பாருங்கோ. அடியில குப்பை மாதிரிச் சொல்லைக் கண்டால் கேமும் அப்படித்தான் இருக்கும் என்றுதான் நினைப்பார்.

இந்த இடத்தில எங்களுக்குள்ள இன்னொரு வாக்குவாதம் வந்தது. “கபடி” என்ற சொல்லையும் போடுவோம், அதைத் தேடுறவர்கள் கனபேர் என்று ஒரு கருத்து. கபடியும் கோடு, தொடுதல், ஓடுதல்தானே? நாங்கள் மாட்டோம் என்று நின்றோம். கபடி தேடுறவருக்குக் கபடிதான் வேணும். மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போறதையும் காலைப் பிடித்து இழுக்கிறதையும் எதிர்பார்த்து வாறவருக்கு நாங்கள் குடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அதே கேள்வியில இருந்து நாங்கள் எதிர்பாராத ஒரு கதவு திறந்தது. கிளித்தட்டு எங்களிடம் மட்டும் இருக்கிற ஆட்டம் இல்லை. பிலிப்பைன்ஸில இதைப் பத்தின்தெரோ என்கினம், மலேசியாவில காலா பாஞ்சாங், இந்தோனேசியாவில கோபாக் சோடோர், மராட்டியத்தில ஆட்யா பாட்யா. விதிகளில சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஆனால் கோடு கீறி, குறுக்குக் கோட்டில ஆள் நிறுத்தி, தொடுபடாமல் கடந்து போய்த் திரும்புறது எல்லா இடத்திலயும் ஒன்றுதான். `Patintero` என்று தேடுற மணிலாப் பிள்ளை எங்கட கேமைத் திறந்தால் இரண்டு நிமிசத்தில விளையாடத் தொடங்கிவிடும், யாரும் விதி சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. பேசும் கிளி தேடுற கொழும்புப் பிள்ளையைவிட அந்தப் பிள்ளைதான் எங்களுக்குச் சரியான ஆள். எனவே முழுவிவரத்தின்ர இரண்டாம் பந்தியில இந்தப் பேர்களை, எந்த நாட்டில எப்படிச் சொல்லுகினம் என்ற விளக்கத்தோடயே, எழுதினோம். எல்லாம் ஊர் விளையாட்டின்ர பேர்கள். வேற நிறுவனத்தின்ர கேம் பேரை எங்கட விவரத்தில வைக்கிறது விதிக்கும் மாறு, மரியாதைக்கும் மாறு.

“உலகத்துக்கு விளங்கிற பேர்” என்று Parrot Run க்காக வாதாடினவரிடம் நாங்கள் இதைத்தான் சொன்னோம்: கிளித்தட்டு தெரியாதவருக்கு விளங்கப்பண்ணுற வேலையைத் தலைப்பு செய்யத் தேவையில்லை. வெண்பாவைப் பாருங்கோ. ரொறன்ரோவில இருக்கிற விசை கேம்ஸ் 2023 இல வெளியிட்ட சமையல் கேம். அந்தச் சொல்லுக்குத் தமிழ் தெரியாதவருக்கு ஒரு அர்த்தமும் இல்லை. தமிழ் தெரிந்தவருக்கும் செய்யுள்தான் ஞாபகம் வரும், தோசை இல்லை. அம்மாவின்ர பேர்தான் கேமின்ர பேர். தலைப்பில பக்கத்தில ஒரு விளக்கச் சொல்லும் இல்லை. சமையல், குடும்பம், புலம்பெயர்வு எல்லாம் விவரத்தில வருகுது. கேம் கடையில அதே பேரில போட்டியாக நிற்க வேற ஒன்றுமில்லாததால பேரைக் கேட்டவர் நேரே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருசம் பாஃப்டாவில முதல் படைப்புக்கான விருதும் எடுத்தது.

வெண்பாவை எங்களோட ஒப்பிடுறதுக்கும் ஒரு எல்லை இருக்குது, அதை மறைக்கக் கூடாது. அது வந்த நாளிலயே எக்ஸ்பொக்ஸ் கேம் பாஸில இருந்தது. தேடாதவர்களின்ர கண்ணுக்கு முன்னாலயும் போய் நின்றது. எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எங்கட கேமைப் பற்றி யாரும் சொல்லாவிட்டால் `kilithattu` என்று யாரும் தேடப்போறதில்லை, முதல் இடத்தில நின்றாலும் வெறும் முதல் இடம்தான். பேரும் தேடற்சொல்லும் செய்யக்கூடியது, ஒருத்தரின்ர வாயில இருந்து இன்னொருத்தரின்ர காதுக்குப் போன சொல், தேடல் பெட்டியில விழுந்து எங்களிடம் வந்துசேரும் வரைக்கும் வழியில தொலையாமல் பார்த்துக்கொள்ளுறது. அந்த முதல் வாய்க்கு நாங்கள்தான் அலையவேணும்.

கிளித்தட்டு என்ற பேருக்குச் சொந்தக்காரர் நாங்கள் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். நாளைக்கு இன்னொருத்தர் அதே பேரில ஒரு கேம் போடலாம், போடவும் வேணும். அப்ப எங்களைத் தேடி வாறவர் எப்படிப் பிரித்தறியிறது? அதுக்காக எங்கட குழுவின்ர பேரை, தலைப்புக்குக் கீழே வருகிற வெளியீட்டாளர் பேராக வைத்திருக்கிறம். குழுவுக்கு யாரும் வைக்காத ஒரு பேராகப் பார்த்துத்தான் வைத்தோம். கேம் பேரில பொதுச்சொல், எங்கட பேரில தனிச்சொல் என்று பங்கு போட்டால் தலைப்பின்ர முப்பது எழுத்தும் கேமுக்கே மிஞ்சும்.

“kids” என்ற சொல்லைப் பற்றியும் ஒரு சின்னக் குறிப்பு. `tamil games for kids` என்று தேடுற பெற்றோர் வெளிநாட்டில இருக்கினம், அவை எங்களுக்கு வேணும். ஆனால் சிறுவர்களை இலக்கு வைக்கிறோம் என்று அறிவித்தால் கூகிளின்ர குடும்பக் கொள்கை முழுக்க எங்கட தலையில ஏறும். விளம்பரம், தரவு, எல்லாத்துக்கும் தனி விதி. பக்கத்தில சிறுவரைக் கவருகிற மாதிரி எழுதிவிட்டு வயசுக் கேள்விக்கு மட்டும் பெரியவர்களுக்கு என்று பதில் சொன்னால் திருப்பி அனுப்புவினம். எங்களிடம் விளம்பரமே இல்லை, அதனால ஏறலாமா என்று இன்னும் யோசிக்கிறம். முடிவெடுக்கும் வரைக்கும் அந்தச் சொல் விவரத்தில இல்லை.

வெளியிட்ட பிறகு பார்க்கவேண்டியது ஒன்றுதான் என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். பிளே கொன்சோலில, பக்கத்துக்கு வந்தவர்கள் எந்த வழியால வந்தவை என்று ஒரு அறிக்கை வரும்: தேடி வந்தவர், ஸ்ரோரைச் சும்மா புரட்டேக்க கண்டவர், வெளி இணைப்பால வந்தவர். முதல் கிழமைகளில வெளி இணைப்புத்தான் கூட இருக்கும், அது எங்கட வட்ஸ்அப் குழுக்கள். தேடி வந்தவர்களைச் சொல் வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் கொஞ்சப் பேர் மட்டும் தேடின சொல்லைத் தனியாகக் காட்டாது, “மற்றவை” என்று ஒன்றாகப் போட்டுவிடும். எங்கட அளவில முக்கால்வாசி அந்த மூட்டைக்குள்ளதான் கிடக்கும். அதனால எண்ணிக்கையைவிட விகிதத்தைப் பார்ப்போம். தேடிப் பக்கத்துக்கு வந்தவர்களில இறக்கினவர் எத்தனை, இறக்கினவர்களில இரண்டு நாளில அழித்தவர் எத்தனை. நிறையப் பேர் வந்து கொஞ்சப் பேர் இறக்கினால் சொல் ஆக்களைப் பிழையாகக் கூட்டிவருகுது. கொஞ்சப் பேர் வந்து பெரும்பாலானோர் வைத்திருந்தால் சொல் சரி, சத்தம்தான் காணாது. முதலாவதுக்கு விவரத்தைத் திருத்தவேணும், இரண்டாவதுக்கு ஆக்களிடம் போய்ச் சொல்லவேணும். தலைப்பையும் விவரத்தையும் எப்பவும் மாற்றலாம், ஆனால் கிழமைக்குக் கிழமை மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது. ஒருமுறை மாற்றினால் ஒரு மாசமாவது தொடக்கூடாது என்று ஒப்பந்தம் செய்திருக்கிறோம். மாற்றவே ஏலாத ஒன்று, கேமின்ர உள்பேர், `com.` என்று தொடங்குற அது. வெளியிட்ட பிறகு அது கல்லில வெட்டினது. அதிலயும் `kilithattu` தான் போட்டிருக்கிறம், tt ஓட. dd காரர் இரண்டு பேரும் இன்னும் அதைப் பற்றி எங்களோட சரியாகக் கதைக்கிறதில்லை.

இப்ப மிச்சமிருக்கிறது சிங்களப் பக்கம். எங்கட வகுப்பில படிக்கிற மாத்தறை நண்பர் ஒருத்தர் எழுதித் தாறேன் என்றிருக்கிறார். கிளியை மொழிபெயர்க்கவேண்டாம், பேரை அப்படியே சிங்கள எழுத்தில எழுதுங்கோ என்றுதான் முதலில கேட்டோம். அவர் ஆட்டத்தை ஒருமுறை விளையாடிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பொறுங்கோ, எங்கட ஊரிலயும் இப்படி ஒன்று விளையாடுறவை, பேர் என்னவென்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுறன்” என்றார். கேட்டுக்கொண்டு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.